ஆட் பிளாக்கரால நெஜமா எவ்ளோ ஆர்டர் கணக்குல வராம போகுது, அதுக்கு விளம்பரம் போடறவங்க என்ன பண்றாங்க?

"ஈரோட்ல இருந்து செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை ஆன்லைன்ல விக்கறோம், சைட் வூகாமர்ஸ். போன மாசம் சைட்ல 1000 ஆர்டர், ஆனா கூகுள் அனலிட்டிக்ஸ்ல 820 தான் காட்டுது. எங்க விளம்பரத்த பாத்துக்கற ஏஜென்சி 18% பேர் ஆட் பிளாக்கர் வச்சிருக்காங்க, சர்வர் சைட் டிராக்கிங் போட்டாத்தான் சரியாகும், அதுக்கு தனி காசுன்னு சொல்றாங்க. உண்மையா? அந்த 18% பேருக்கு நம்ம விளம்பரமே போய் சேரலையா?"

ஏஜென்சி சொல்ற 18% ங்கற நம்பர் ஆட் பிளாக்கர் நம்பரே இல்ல, அது வெறும் இடைவெளி. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பறதுதான் இந்த தொழில்ல ரொம்ப சாதாரணமா நடக்கற விஷயம். உங்க மாதிரி கடைக்கு அந்த 180ல பாதிக்கு மேல ஆட் பிளாக்கருக்கு சம்பந்தமே இல்லாம போயிருக்க வாய்ப்பு அதிகம், எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கீழ சொல்றேன், காசு எதுவும் வேணாம், உங்க ஹோஸ்டிங்ல ஏற்கனவே இருக்கற ஃபைல் போதும்.

மொதல்ல பிளாக்கர் என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் பாத்துருவோம். பிளாக்கருக்குள்ள மூளை எல்லாம் ஒண்ணும் இல்ல, இருக்கறது ஒரு பெரிய லிஸ்ட். EasyList ங்கறது விளம்பரத்துக்கான லிஸ்ட், EasyPrivacy ங்கறது டிராக்கருக்கான லிஸ்ட். பக்கம் லோடு ஆகும்போது பிரவுசர் எந்த அட்ரஸுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பப் போகுதோ அது லிஸ்ட்ல இருக்கற ஒரு வரியோட பொருந்துச்சுன்னா அந்த ரிக்வெஸ்ட் கிளம்பவே கிளம்பாது. அனலிட்டிக்ஸுக்கான வரி `||google-analytics.com^` மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

இங்கதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. எல்லா பிளாக்கரும் ரெண்டு லிஸ்ட்டையும் போடறது இல்ல. ஆட்பிளாக் பிளஸ் இன்ஸ்டால் பண்ணி அப்படியே விட்டா EasyList மட்டும்தான் ஓடும், அதாவது அந்த ஆளுக்கு பேனர் தெரியாது, ஆனா உங்க அனலிட்டிக்ஸ்ல அவர் ஜம்முனு பதிவாவார். யூபிளாக் ஆரிஜின் போட்டவர் கதை வேற, அதுல EasyPrivacy மொதல்லயே ஆன்ல இருக்கும், விளம்பரமும் தெரியாது கணக்கும் வராது. பிரேவ் பிரவுசர் இன்னும் வேடிக்கை, சாதாரண செட்டிங்ல கூகுள் தேடல் பக்கத்துல வர்ற விளம்பரத்த அது மறைக்காது, ஆனா உங்க சைட்டுக்குள்ள வந்தப்புறம் அனலிட்டிக்ஸ தடுத்துரும். அப்ப அவர் விளம்பரத்த பாத்து, கிளிக் பண்ணி, நீங்க அதுக்கு காசும் குடுத்து, அவர் வாங்கியும் வாங்கி, உங்க ரிப்போர்ட்ல மட்டும் ஆளே இல்ல. சஃபாரிய பத்தியும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, ஐபோன்காரங்க யாருமே கணக்குல வரமாட்டாங்கன்னு. சஃபாரி அனலிட்டிக்ஸ் ஸ்கிரிப்ட்ட தடுக்கறது இல்ல, ஸ்கிரிப்ட் வைக்கற குக்கிய 7 நாள்ல அழிச்சுரும், அதுனால ஆர்டர் வரும், ஆனா பத்து நாள் கழிச்சு திரும்பி வந்து வாங்குனா புது ஆள் மாதிரி தெரியும்.

ஆக, விளம்பரம் போய் சேர்றதா இல்லையாங்கறது ஒரு கேள்வி, வாங்குனது கணக்குல வர்றதா இல்லையாங்கறது வேற கேள்வி, ரெண்டுக்கும் ஆளுங்களும் வேற. "18% பேருக்கு விளம்பரமே போகல"ன்னு ஆர்டர் இடைவெளிய வச்சு சொல்லவே முடியாது.

சரி உங்க 180க்கு வருவோம். வூகாமர்ஸ்ல ஆர்டர் முடிஞ்சதும் `/checkout/order-received/1234/` னு ஒரு பக்கம் வரும், நன்றி பக்கம். அனலிட்டிக்ஸோட purchase ஈவண்ட் அந்த பக்கம் ஆளோட பிரவுசர்ல லோடு ஆனாத்தான் கிளம்பும். இப்ப நம்ம ஊர்ல எப்படி பணம் கட்டறாங்கன்னு யோசிச்சு பாருங்க. மொபைல்ல குரோம்ல உங்க சைட் தெறந்திருக்கு, யூபிஐ தொட்டதும் ஜிபேயோ ஃபோன்பேயோ தெறக்குது, பின் போட்டு பணம் போயாச்சு, டிக் சத்தம் வந்தாச்சு, ஃபோன பாக்கெட்ல போட்டாச்சு. குரோமுக்கு திரும்பி போறவங்க போவாங்க, போகாதவங்க போகவே மாட்டாங்க. ஆனா பேமெண்ட் கேட்வே பின்னாடி வெப்ஹூக் மூலமா உங்க சர்வருக்கு "பணம் வந்துருச்சு"ன்னு சொல்லிரும், ஆர்டர் ப்ராசஸிங்னு மாறிரும், நீங்க பார்சல் கட்டி அனுப்பிருவீங்க. நன்றி பக்கம் மட்டும் யாருமே தெறக்கல, அனலிட்டிக்ஸுக்கு அந்த ஆர்டர் நடந்ததே தெரியாது. இதுல ஆட் பிளாக்கர் எங்க வந்துச்சு?

இந்த ரெண்டையும் பிரிக்க சர்வர் ஆக்சஸ் லாக் போதும், ஏன்னா பக்கம் தெறந்தா அந்த ரிக்வெஸ்ட் உங்க சர்வருக்குத்தான் வரணும், அத எந்த பிளாக்கரும் தடுக்காது, தடுத்தா சைட்டே தெறக்காதே. சி-பேனல் இருந்தா ரா ஆக்சஸ் லாக்னு ஒரு எடத்துல இருக்கும், பழசு தானா அழியற மாதிரி செட்டிங் இருந்தா மொதல்ல அத நிறுத்தி மாசக் கணக்குல சேத்து வைங்க. அப்புறம் டெர்மினல்ல இத ஓட்டுங்க:

```
grep -oE 'GET /checkout/order-received/[0-9]+' access.log \
  | grep -oE '[0-9]+$' | sort -u > loaded.txt
```

இப்ப நன்றி பக்கம் தெறந்த ஆர்டர் நம்பர் எல்லாம் `loaded.txt` ல இருக்கும். அனலிட்டிக்ஸ்ல எக்ஸ்ப்ளோரேஷன்ல Transaction ID போட்டு அந்த லிஸ்ட்ட எடுங்க. வூகாமர்ஸ்ல இருந்து மொத்த ஆர்டர் லிஸ்ட். மூணையும் ஒரு ஷீட்ல போட்டு நம்பர வச்சு பொருத்துனா கத முடிஞ்சுது. ரெண்டு எடத்துல கால் வழுக்கும், ஒண்ணு சில பிளகின் ஆர்டர் நம்பருக்கு முன்னாடி ஏதாச்சும் எழுத்து சேத்து அனுப்பும், அத வெட்டாம பொருத்துனா எல்லாமே காணோம்னு காட்டும். இன்னொண்ணு நேத்து டேட்டாவ எடுக்காதீங்க, அனலிட்டிக்ஸ் முழுசா கணக்கு முடிக்க டைம் எடுக்கும், மூணு நாலு நாள் பழசான தேதியோட நிறுத்திக்கங்க. ஃபெயில், கேன்சல் ஆன ஆர்டரையும் மொதல்லயே தூக்கிருங்க.

ஒரு கணக்கு போட்டு காட்டறேன், 1000ம் 820ம் உங்களோடது, உள்ள இருக்கற பிரிவு நான் விளக்கத்துக்காக போட்டது, உங்களுக்கு வேற மாதிரி வரும். 180 ஆர்டர் காணோம். லாக்ல பாத்தா அதுல 110 பேர் நன்றி பக்கத்தையே தெறக்கல, முக்காவாசி யூபிஐ. மீதி 70 பேர் பக்கத்த தெறந்திருக்காங்க, ஆனா அனலிட்டிக்ஸ்ல இல்ல. இந்த 70 தான் பிளாக்கர் கணக்கு (குக்கி அனுமதி பேனர் வச்சிருந்தா அதுல வேணாம்னு சொன்னவங்களும் இதுக்குள்ள வருவாங்க, அனலிட்டிக்ஸ் கோடான டேக் ஓடறதுக்கு முன்னாடி பக்கத்த மூடுனவங்க கொஞ்சம் பேரும்). பக்கம் தெறந்தவங்க மொத்தம் 890, அதுல 70ன்னா 8% க்கு கொஞ்சம் கம்மி. 18 எங்க 8 எங்க.

லாக்லயே யூசர் ஏஜெண்ட் இருக்கும், அத வச்சு டெஸ்க்டாப் மொபைல்னு பிரிச்சீங்கன்னா இன்னும் தெளிவாகும். பக்கம் தெறந்தவங்கள்ல டெஸ்க்டாப் 150 பேர், அதுல 39 காணோம், 26%. மொபைல் 740 பேர், அதுல 31 காணோம், 4% சொச்சம். இந்த மாதிரி டெஸ்க்டாப்ல உசந்தும் மொபைல்ல ரொம்ப கம்மியாவும் வந்தா அது பிளாக்கரோட கைரேகைன்னு வச்சுக்கலாம், ஏன்னா ஆண்ட்ராய்ட் குரோம்ல எக்ஸ்டென்ஷனே போட முடியாது, அங்க தடுக்கணும்னா பிரேவ், ஃபயர்ஃபாக்ஸ் மாதிரி வேற பிரவுசரோ ஆட்கார்ட் மாதிரி டிஎன்எஸ் செட்டிங்கோ வேணும், அது செய்யறவங்க கம்மி. ரெண்டுலயும் ஒரே மாதிரி 8% வந்துச்சுன்னா பிளாக்கர சந்தேகப்படறத விட்டுட்டு டேக் சரியா ஓடுதான்னு பாருங்க.

லாக் கைக்கு கிடைக்காத சைட்டா இருந்தா (ஷாப்பிஃபை மாதிரி) கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர தனியா பிரிச்சு பாக்கலாம். சிஓடில வெளிய எங்கயும் போய் வர்ற வேலை இல்ல, பட்டன அமுக்குனதும் நன்றி பக்கம்தான், அதுனால சிஓடில காணாம போறது பிளாக்கர் பக்கம், ப்ரீபெய்ட்ல அதுக்கு மேல காணாம போறது பேமெண்ட் பக்கம். சிஓடி ஆளுங்களும் ப்ரீபெய்ட் ஆளுங்களும் ஒரே ரகம் கிடையாதுங்கறதுனால மொபைல மொபைலோட, டெஸ்க்டாப்ப டெஸ்க்டாப்போட மட்டும் ஒப்பிடுங்க.

சரி, அந்த 70 பேர தொலச்சதுல விளம்பரத்துக்கு என்ன நஷ்டம்? இதுக்கு அவங்க எங்க இருந்து வந்தாங்கன்னு தெரியணும். வூகாமர்ஸ் 8.5ல இருந்து ஆர்டர் அட்ரிபியூஷன்னு உள்ளயே ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு ஆர்டர் பக்கத்துலயும் ஆரிஜின் என்னன்னு காட்டும், உங்க சைட்டுல இருந்தே ஓடற ஸ்கிரிப்டுங்கறதுனால அனலிட்டிக்ஸ் தடுக்கப்பட்ட எடத்துலயும் அது தப்பிக்க வாய்ப்பு இருக்கு. இதுக்காகவே விளம்பர லிங்க் எல்லாத்துலயும் `utm_source`, `utm_campaign` கண்டிப்பா போட்டு வைங்க, ஏன்னா பிரேவ் மாதிரி பிரவுசர் `fbclid` மாதிரி கிளிக் ஐடிய உரிச்சு எடுத்துரும், utm மேல கை வைக்காது. சில பேர் பிஎச்பில ஒரு குக்கி வச்சு நாமளே புடிச்சுக்கலாம்னு எழுதுவாங்க, நல்ல ஐடியாதான், ஆனா பேஜ் கேஷ் பிளகின் இருந்தா லேண்டிங் பக்கத்துல பிஎச்பி ஓடவே ஓடாது, அப்புறம் எதுக்கு வேலை செய்யலன்னு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கணும்.

நம்ம கணக்குலயே 70ல 22 பேர் விளம்பர கிளிக்ல இருந்து வந்தவங்க, மீதி 48 பேர் வாட்ஸ்அப் லிங்க், நேரா டைப் பண்ணது, பழைய கஸ்டமர்னு வச்சுக்கங்க. இது இயல்புதான், யூபிளாக் போட்டவருக்கு தேடல்ல விளம்பரமே தெரியாது, அவர் எப்படி விளம்பரத்த கிளிக் பண்ணி வருவார். அனலிட்டிக்ஸ் விளம்பரத்துக்கு 400 ஆர்டர் குடுத்துச்சுன்னா பிளாக்கரால போனதையும் சேத்தா 422, 5% கம்மியா காட்டுது. இதுக்காக மாசா மாசம் சர்வர் வாடகையும் ஏஜென்சி ஃபீஸும் குடுக்கணுமான்னா என் கருத்துல வேணாம். இதுவே நீங்க கோடிங் பண்றவங்களுக்கு சாஃப்ட்வேர் விக்கறவரா இருந்தா கதையே தலைகீழ், உங்க கஸ்டமர் முக்காவாசி டெஸ்க்டாப், எல்லார்கிட்டயும் பிளாக்கர், அங்க விளம்பரம் போய் சேராது, சேந்தாலும் கணக்கு வராது.

ஆனா ஒரு எடத்துல 5%ங்கறத சும்மா விடக்கூடாது, இழப்பு எல்லா பக்கமும் சமமா விழாதப்போ. டெஸ்க்டாப்ப குறி வச்சு தனி கேம்பெயின் ஓடுதுன்னா அந்த 22ல பெரும்பகுதி அதோட தலையில விழும். உண்மையில ஒரு ஆர்டருக்கு 160 ரூபா ஆகற கேம்பெயின் ரிப்போர்ட்ல 200 ரூபான்னு தெரியும், மொபைல் கேம்பெயின் 165ன்னு தெரியும், ரெண்டும் நெஜத்துல ஒண்ணுதான். ஏஜென்சி பையன் டெஸ்க்டாப்ப நிறுத்திருவான். ஆட்டோ பிட்டிங் வச்சிருந்தா மனுஷனே வேணாம், அதுவே அந்த பக்கம் காச கொறச்சுக்கும்.

போய் சேர்றத பத்தி கேட்டீங்க. தடுக்கப்பட்ட பேனருக்கு நீங்க காசு குடுக்கறது இல்ல, ரிக்வெஸ்ட்டே கிளம்பலன்னா ஏலம் நடக்கல, ஏலம் நடக்கலன்னா பில்லும் இல்ல. அந்த நஷ்டம் செய்தி சைட்டுக்கு, அவங்கதான் கத்தறாங்க, ஜெர்மனில ஆக்சல் ஸ்பிரிங்கர் கம்பெனி ஆட்பிளாக் பிளஸ நடத்தற eyeo கம்பெனி மேல கேஸ் போட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2018ல தோத்தாங்க. உங்களுக்கு, 10 லட்சம் பேருக்கு காட்டறேன்னு சொன்ன பிளாட்ஃபார்ம் பிளாக்கர் இல்லாத 10 லட்சம் பேர தேடி புடிச்சு காட்டிரும், ரீச் நம்பர் கொறையாது. கொறையறது ஆள் வகை. இளசுங்க, கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பாக்கறவங்க, கேம் ஆடறவங்க மெல்ல காணாம போய்ட்டு, மிச்சம் இருக்கறவங்களுக்கே திரும்ப திரும்ப அதே விளம்பரம் போகும். செக்கு எண்ணெய்க்கு இதுல பெருசா கவலை இல்லன்னு நெனைக்கறேன், உங்க ஆளுங்க ஃபோன்ல, ஆப்ல இருக்காங்க. இன்ஸ்டாகிராம் ஆப்ல விளம்பரமும் ஃபோட்டோவும் ஒரே சர்வர்ல இருந்து வருது, பிரவுசர் எக்ஸ்டென்ஷன் அங்க எட்டவே எட்டாது, டிஎன்எஸ் பிளாக்கராலயும் ஒண்ண விட்டு ஒண்ண தடுக்க முடியாது.

விளம்பரக்காரங்க பிளாக்கர் வச்சவங்கள எப்படி புடிக்கறாங்கன்னா, ஒண்ணு காசு குடுத்து உள்ள போறது. eyeo கம்பெனி 2011லயே அக்செப்டபிள் ஆட்ஸ்னு ஆரம்பிச்சாங்க, தொந்தரவு பண்ணாத விளம்பரம்னா ஆட்பிளாக் பிளஸ் விட்ரும், பெரிய கம்பெனிங்ககிட்ட அதுக்கு காசு வாங்கிக்கறாங்க. (கேட்ல நிறுத்துற வாட்ச்மேனே நுழைவு கட்டணமும் வாங்கறாருன்னு அப்பவே திட்டு விழுந்துச்சு.) இன்னொண்ணு உள்ளடக்கத்துக்குள்ளயே கலக்கறது, யூடியூபர் வாயாலயே சொல்ல வைக்கறது. இதயும் தாண்டறதுக்கு ஸ்பான்சர்பிளாக்னு எக்ஸ்டென்ஷன் வந்துருச்சு, பாக்கறவங்களே எந்த செகண்ட்ல இருந்து எந்த செகண்ட் வரைக்கும் விளம்பரம்னு குறிச்சு வைக்க அடுத்தவங்களுக்கு தானா தாண்டிரும், ஆனா அத போட்டவங்க பொதுவா டெஸ்க்டாப் ஆளுங்கதான்.

இப்ப ஏஜென்சி விக்கற சர்வர் சைட் டிராக்கிங். இதுல ரெண்டு வேற வேற சரக்கு ஒரே பேர்ல விக்கறாங்க. மொதல் சரக்கு, டேக் மேனேஜர உங்க சப்டொமைன்ல இருந்து ஓட்டறது, `metrics.ungakadai.in` மாதிரி, பிளாக்கர் கண்ணுல மண்ணைத் தூவ. கொஞ்ச நாள் வேலை செய்யும். 2019 கடைசில ஃபிரான்ஸ்ல லிபரேஷன் பத்திரிகை சைட்ல இதே டெக்னிக் மாட்டுச்சு, டிராக்கர் கம்பெனி சர்வர லிபரேஷனோட சப்டொமைன் பேர்ல ஒளிச்சு வச்சிருந்தாங்க, கொஞ்ச மாசத்துலயே யூபிளாக் ஆரிஜின் ஃபயர்ஃபாக்ஸ்ல அந்த பேருக்கு பின்னாடி எந்த சர்வர் இருக்குன்னு தோண்டி பாக்க ஆரம்பிச்சுருச்சு. சஃபாரியும் 2023ல, சப்டொமைனோட ஐபி உங்க மெயின் சைட் ஐபியோட ஒத்து போகலன்னா அது வைக்கற குக்கிக்கும் 7 நாள்தான்னு சொல்லிருச்சு. குரோம்ல பழைய யூபிளாக் நின்னு போச்சே இனி பிரச்சனை இல்லன்னும் சிலர் சொல்றாங்க, அதோட லைட் வெர்ஷன்லயும் EasyPrivacy மொதல்லயே ஆன்ல தான் இருக்கு. தவிர, வேணாம்னு தெளிவா சொன்ன ஆள பின்வாசல் வழியா எண்ணறது எனக்கு புடிக்காத வேலை.

ரெண்டாவது சரக்கு உங்களுக்கு உண்மையாவே பயன்படும், அந்த 110 பேருக்காக. பணம் வந்த வெப்ஹூக் சர்வருக்கு வந்ததும் சர்வரே அனலிட்டிக்ஸுக்கு purchase ஈவண்ட் அனுப்பறது, மெஷர்மெண்ட் புரோட்டோகால்னு பேரு. செக்அவுட் பண்ணும்போதே அவரோட `_ga` குக்கில இருக்கற `client_id` ய ஆர்டரோட சேமிச்சு வச்சு அதோட அனுப்பணும், கூடவே செஷன் ஐடியும், இல்லன்னா ஆர்டர் எண்ணிக்கை சரியாகும் ஆனா எந்த விளம்பரத்துல வந்தார்ங்கறது தொலஞ்சுரும். நன்றி பக்கம் தெறந்தவங்களுக்கு ரெண்டு தடவ போகாம இருக்க ரெண்டுலயும் ஒரே `transaction_id` போகணும். பிளாக்கர் வச்ச 70 பேருக்கு `_ga` குக்கியே இருக்காது, அதுனால எண்ணிக்கை சரியானாலும் அவங்க எந்த விளம்பரத்துல வந்தாங்கங்கறத இது திருப்பி கொண்டு வராது, ஏஜென்சி வரும்னு சொன்னா எப்படின்னு கேளுங்க. மெட்டாவோட கன்வர்ஷன்ஸ் ஏபிஐ ஃபோன் நம்பரயும் மெயிலயும் ஹாஷ் பண்ணி அனுப்பி ஆள பொருத்தும், அதுல வரும், ஆனா கஸ்டமர் நம்பர வெளிய அனுப்பறீங்க, ஹாஷ் பண்ணாலும் அது அவரோட தகவல்தான், 2023 டேட்டா பாதுகாப்பு சட்டத்த மனசுல வச்சு பிரைவசி பாலிசில எழுதி சம்மதம் வாங்கிட்டு செய்யுங்க.

டேக்கே தேவைப்படாத வழி ஒண்ணு இருக்கு, ஏஜென்சிங்க அதிகமா பேசாத வழி, அவங்களுக்கு அதுல விக்க ஒண்ணும் இல்ல. விளம்பரத்த ஊர் வாரியா நிறுத்தி பாக்கறது. கடந்த ரெண்டு மாச ஆர்டர டெலிவரி பின்கோட வச்சு மாவட்டமா பிரிங்க, ஏத்த எறக்கம் ஒரே மாதிரி போற ரெண்டு குரூப் எடுங்க, மதுரை திண்டுக்கல் தேனி ஒரு பக்கம், சேலம் நாமக்கல் தருமபுரி ஒரு பக்கம்னு வச்சுக்கலாம். ஒரு பக்கம் நாலு வாரம் விளம்பரம் நிறுத்தம், இன்னொரு பக்கம் வழக்கம் போல. ரெண்டு குரூப்பும் முன்னாடி வாரத்துக்கு 60, 60 ஆர்டர்னு இருந்து, இப்ப நிறுத்துன பக்கம் 42 ஆயி இன்னொண்ணு 60லயே நின்னா, வாரத்துக்கு 18 ஆர்டர் விளம்பரத்தால வந்துச்சு. அந்த பக்கத்துக்கு செலவு பண்ணிட்டு இருந்த வாராந்திர காச 18ஆல வகுங்க, அதுதான் ஒரு ஆர்டரோட உண்மை விலை, பிளாக்கர் வச்சவர், யூபிஐல இருந்து திரும்பாதவர், மனைவி ஃபோன்ல விளம்பரம் பாத்து ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட்டவர் எல்லாரும் அதுக்குள்ள வந்துருவாங்க. பொங்கல் தீபாவளி ஒட்டி பண்ணாதீங்க. ஆர்டர் வாரத்துக்கு பத்து பதினஞ்சுன்னு இருக்கற மாவட்டத்த தனியா எடுத்தாலும் வேலைக்கு ஆகாது, சும்மாவே அவ்ளோ ஏறி எறங்கும், அதுனாலதான் குரூப்பா எடுக்க சொன்னேன். கூகுள்ல லொகேஷன் செட்டிங்ல "அந்த ஊர்ல ஆர்வம் உள்ளவங்க"ங்கறத எடுத்துட்டு "அந்த ஊர்ல இருக்கறவங்க"ன்னு மட்டும் வைங்க, இல்லன்னா நிறுத்துன மாவட்டத்துல இருக்கறவங்களுக்கும் விளம்பரம் ஒழுகிட்டே இருக்கும்.

மொதல்ல லாக்க எடுத்து அந்த 180அ பிரிச்சு பாருங்க, பக்கம் தெறந்தும் காணாம போனவங்க டெஸ்க்டாப்ல எத்தன மொபைல்ல எத்தனன்னு இங்கயே போடுங்க, ஏஜென்சி கொட்டேஷன் எதுக்கு குடுத்திருக்காங்கன்னும் சேத்து போட்டா அது மொதல் சரக்கா ரெண்டாவது சரக்கான்னு சொல்லிரலாம்.